ஒரே நஞ்சுக்கொடி, 12 மாதத்தில் 2 செ.மீ. வித்தியாசம்: சின்னவள் எப்போது எட்டிப் பிடிப்பாள்?

பூந்தளிர்_அம்மா:
இரட்டைப் பெண் குழந்தைகள். ஒரே நஞ்சுக்கொடி, அதனால் ஒரே மாதிரி இரட்டையர் என்று சொன்னார்கள். 35 வாரத்தில் சிசேரியன். பெரியவள் 2.1 கிலோ, 45 செ.மீ. சின்னவள் 1.7 கிலோ, 42.5 செ.மீ. ஸ்கேன் ரிப்போர்ட்டில் கருவில் இருவருக்கும் இடையே ரத்தப் பரிமாற்றப் பிரச்சினை எதுவும் இல்லை என்றுதான் இருந்தது. போன வாரம் சரியாக 12 மாதம் முடிந்தது. அங்கன்வாடியில் அளந்ததில் பெரியவள் 71, சின்னவள் 68.4. சின்னவளின் புள்ளி வளர்ச்சி அட்டவணையில் இயல்பின் கீழ் எல்லையான மைனஸ் 2 கோட்டுக்குக் கீழே போய்விட்டது, "வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை" என்று குறித்திருக்கிறார்கள். எடை 8 கிலோ, 7.4 கிலோ. இரட்டையர் பிறக்கும்போது சின்னதாக இருந்தாலும் பிறகு எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்போது? ஒரே ஜீன் என்றால் இருவருக்கும் ஒரே உயரம் வர வேண்டாமா?

சேலம்காரன்:
கவலையே வேண்டாங்க. ட்வின்ஸ் எல்லாருமே ரெண்டு வயசுக்குள்ள சரியாயிடுவாங்க. வயித்துக்குள்ள 28, 30 வாரம் வரைக்கும் ஒத்தக் குழந்தை மாதிரியேதான் வளருவாங்க. அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கு இடம் பத்தாது, வளர்ச்சி மெதுவாயிடும். வெளிய வந்ததும் தடை போயிடும், மடமடன்னு வளருவாங்க. சின்னதுக்கு மட்டும் புரதப் பவுடர் ஆரம்பிங்க, சீக்கிரம் ஏறும்.

அளவுப்பலகை:
கிராம சுகாதார செவிலியர் வேலை. உயரத்தைப் பற்றிப் பேசும் முன்னால் 68.4 எப்படி வந்தது என்று கேட்கிறேன். படுக்க வைத்து அளந்தார்களா, பிடித்து நிற்க வைத்தா? பலகையா, தையல் டேப்பா? எத்தனை பேர் பிடித்தார்கள்?

பூந்தளிர்_அம்மா:
படுக்க வைத்துத்தான். பலகை இருந்தது. அங்கன்வாடி அக்கா ஒருவரே அளந்தார். சின்னவள் அழுதுகொண்டே காலை உதைத்தாள்.

அளவுப்பலகை:
அப்படியென்றால் அந்த 68.4-ஐ நான் நம்ப மாட்டேன். ஒருவரால் சரியாக அளக்கவே முடியாது. தலைப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, உச்சந்தலை பலகையை அழுத்தித் தொடும்படி, பார்வை நேராக மேலே இருக்கும்படி இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். கால்பக்கம் இன்னொருவர் ஒரு கையால் இரண்டு முட்டியையும் மெல்ல அழுத்தி நேராக்கி, மறு கையால் நகரும் பலகையைப் பாதத்தோடு சேர்க்க வேண்டும். பாதம் செங்குத்தாக இருக்கணும், விரல் நுனி பலகையில் இடித்தால் அளவு கூடிவிடும். முட்டி மடங்கினால் குறையும். உதைக்கிற குழந்தையிடம் ஒரு செ.மீ. தப்புவது சாதாரணம்.

தலையில் ரிப்பன், கிளிப், காலில் சாக்ஸ் எதுவும் வேண்டாம். இரண்டு முறை அளங்க, நடுவில் குழந்தையை எடுத்துவிட்டு மறுபடி கிடத்துங்க. இரண்டுக்கும் அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளங்க. முதலில் தூங்கி எழுந்து சாந்தமாக இருப்பவளை அளந்தால் அடுத்தவளும் பார்த்துப் பழகிவிடுவாள்.

சேய்நலம்:
குழந்தைநல மருத்துவர். செவிலியர் சொன்னதை முதலில் செய்யுங்கள். ஆனால் 68.4 சரியாகவே இருந்தாலும் அந்தக் குறிப்பு உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அங்கன்வாடிக் கணக்கு பிறந்த தேதியிலிருந்து ஓடுகிறது. அவள் பிறந்தது 35 வாரத்தில். 40 வாரத்துக்கு 5 வாரம் முன்னால். வளர்ச்சியைப் பார்க்கும்போது அந்த 5 வாரத்தைக் கழிக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவள் வயது 12 மாதம் இல்லை, ஏறக்குறைய 11 மாதம்.

உலக சுகாதார நிறுவன அட்டவணையில் 12 மாதப் பெண் குழந்தையின் நடுக்கோடு 74.0 செ.மீ., மைனஸ் 2 கோடு 68.9. அதனால்தான் 68.4 கீழே விழுந்தது. 11 மாதத்தில் நடுக்கோடு 72.8, மைனஸ் 2 கோடு 67.7. அதே 68.4 இப்போது கோட்டுக்கு மேலே. இந்த வயதில் மாதத்துக்கு ஒரு செ.மீ.க்கு மேல் வளர்வதால் 5 வாரம் என்பது பெரிய விஷயம். முதல் வயதில் இந்தத் திருத்தம் கண்டிப்பாக வேண்டும், 2 வயது வரை நான் செய்கிறேன். அதற்குப் பிறகு 5 வாரம் தரும் வித்தியாசம் கோட்டையே மாற்றும் அளவுக்கு இருக்காது.

சேலம்காரன் சொன்னதில் பாதி சரி. மூன்றாவது டிரைமெஸ்டர், அதாவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம், தொடங்கும் வரை இரட்டையர் கிட்டத்தட்ட ஒற்றைக் குழந்தை போலத்தான் வளர்கிறார்கள். 28லிருந்து 32 வாரத்துக்குள் பாதை பிரிகிறது. காரணம் இடநெருக்கடி என்பதைவிடச் சத்து வரத்து என்று சொல்வதுதான் சரி. தாயின் ரத்தமும் நஞ்சுக்கொடியும் இரண்டு பேருக்குப் பங்கு போகிறது. எடைதான் முதலில் அடிபடும், நீளம் அதைவிடக் குறைவாக, தலை கடைசியாக. கடைசி சில வாரங்களில் மட்டும் நேர்ந்த இந்தக் குறை, பிறந்த பிறகு பெரும்பாலும் மீண்டுவிடும். 24, 26 வாரத்திலேயே வளர்ச்சி தேங்கியிருந்தால் மீள்வது கடினம். அதனால் பழைய ஸ்கேன்களில் சின்னவள் எந்த வாரத்திலிருந்து பின்தங்கினாள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

"எல்லாரும்" என்பது மட்டும் தவறு. வாரத்துக்கு ஏற்ற அளவைவிடச் சிறியதாகப் பிறந்த குழந்தைகளில் சுமார் 85லிருந்து 90 சதவீதம் பேர் 2 வயதுக்குள் உயரத்தில் மீள்கிறார்கள். பத்தில் ஒருவர் மீள்வதில்லை. அந்த ஒருவரை நேரத்தோடு கண்டுபிடிக்கத்தான் இந்த அளவெல்லாம்.

வானதி:
என் பையனும் 2.1 கிலோ. ஆனா ஒத்தக் குழந்தை, 39 வாரம் முடிஞ்சு பிறந்தான். இப்ப 10 மாசம். அப்போ நானும் 5 வாரம் கழிச்சுப் பார்க்கலாமா? பக்கத்துல இருக்கிறவங்க எல்லாம் சின்னக் குழந்தைன்னா கழிக்கணும்னு சொல்றாங்க.

சேய்நலம்:
வேண்டாம். கழிப்பது சீக்கிரம் பிறந்ததற்கு, சிறியதாகப் பிறந்ததற்கு இல்லை. 39 வாரத்தில் பிறந்தவனுக்கு வயதைக் குறைத்துப் பார்த்தால் உண்மையான தேக்கம் ஒன்று இருந்தாலும் மறைந்துவிடும். 39 வாரத்தில் 2.1 என்பது, 35 வாரத்தில் 2.1 என்பதைவிட அதிகம் கவனிக்க வேண்டியது. தனி இழை போடுங்கள், அளவுகளோடு பேசலாம்.

இதே காரணத்தால்தான் பூந்தளிரின் இரண்டு பெண்களும் எனக்கு இரண்டு வேறு கேஸ். 35 வாரத்துக்கு 2.1 கிலோ, 45 செ.மீ. என்பது சராசரியை ஒட்டியதுதான். பெரியவள் சீக்கிரம் பிறந்தவள், அவ்வளவே. சின்னவளின் 1.7 அந்த வாரத்தின் கீழ்க்கோட்டுக்கும் கீழே. அவள் சீக்கிரமும் பிறந்தாள், சிறியதாகவும் பிறந்தாள். முதலாவதைத் தேதியைத் திருத்திச் சரிசெய்யலாம். இரண்டாவது குறையை அவளே வளர்ந்துதான் சரிசெய்ய வேண்டும்.

எண்கணக்கு:
இரட்டையர் தரவோடு வேலை செய்கிறவன். டாக்டர் சொன்ன பிரிப்பு ஆய்வுகளிலும் தெரிகிறது. நெதர்லாந்தில் இரட்டையருக்கென்றே 2.5 வயது வரை வளர்ச்சி அட்டவணை போட்டபோது, ஒன்றரை வயது வரை தெரியும் குறையில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் சீக்கிரம் பிறந்ததுதான் என்று கணக்கிட்டார்கள். மீதிப் பாதி இரட்டையாக இருந்ததன் விளைவு.

"ஒரே ஜீன் என்றால் ஒரே உயரம் வர வேண்டாமா" என்ற கேள்விக்கு அமெரிக்காவின் லூயிவில் இரட்டையர் ஆய்வில் நல்ல பதில் இருக்கிறது. ரொனால்ட் வில்சன் 1979-ல் வெளியிட்டார், பிறப்பிலிருந்து 9 வயது வரை தொடர்ந்து அளந்தவை. இரண்டு விஷயம் அதில் தெளிவு. ஒன்று, பிறக்கும்போதிருந்த பற்றாக்குறையில் பெரும்பகுதி முதல் வயதிலேயே குறைகிறது, மிச்சம் மெதுவாகக் கரைந்து 8 வயதுவாக்கில் ஒற்றைக் குழந்தைகளோடு ஏறக்குறைய சமமாகிறது. இரண்டு, ஒரே மாதிரி இரட்டையர் பிறக்கும்போது ஒருவரையொருவர் ஒத்திருப்பது எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பிறகு வருடம் ஏற ஏற நெருங்குகிறார்கள். ஜீன் வேறான இரட்டையரில் இது நேர்மாறு, ஆரம்பத்தில் பக்கத்தில் இருந்து பிறகு விலகுகிறார்கள்.

ஒரே நஞ்சுக்கொடியைப் பங்கு போட்டவர்களுக்குள் பங்கு சமமாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒருத்தியின் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் நடுவில் ஒட்டியிருக்கும், இன்னொருத்தியுடையது ஓரத்தில். ஜீன் ஒன்றுதான், கிடைத்த சத்து வேறு. பூந்தளிர் கணக்கில் 2.1 கழித்தல் 1.7, அதைப் பெரியவளின் 2.1-ஆல் வகுத்தால் 19 சதவீதம். 20-ஐத் தாண்டினால் பெரிய ஏற்றத்தாழ்வு என்பார்கள், விளிம்பில் இருக்கிறார்கள்.

இருவர்_அப்பா:
நான் உடன்படலை. எங்க வீட்ல ஒரே மாதிரி பசங்க, 7 வயசு. பிறக்கும்போது 600 கிராம் வித்தியாசம். இன்னைக்கும் 3 செ.மீ. வித்தியாசம். ரெண்டு பேருமே சார்ட்டுல நார்மல்தான், ஆனா சின்னவன் பெரியவனை எட்டிப் பிடிக்கவே இல்லை. "ஜீன் ஒண்ணு, கடைசில ஒண்ணாயிடும்"னு அஞ்சு வருஷமா கேட்டுட்டு இருக்கேன்.

எண்கணக்கு:
உங்கள் அனுபவம் ஆய்வோடு மோதவில்லை. நெருங்குகிறார்கள் என்றுதான் சொன்னேன், ஒன்றாகிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. பல நாட்டு இரட்டையர் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்த கோடாட்வின்ஸ் திட்டத்தில், ஒரே ஜோடிக்குள் ஒப்பிட்டாலும் பிறப்பு எடையில் ஒரு கிலோ கூடியவர், வயதைப் பொறுத்து, சுமார் 1லிருந்து 4 செ.மீ. உயரமாக இருந்தார். பெரியவர்களான பிறகும் இந்தத் தொடர்பு முழுசாக மறையவில்லை. 600 கிராம் வித்தியாசத்துக்கு அந்தக் கணக்கில் ஏறக்குறைய 2.5 செ.மீ. வரை வரும். அது சராசரிதான், ஒரு ஜோடியில் 3 செ.மீ. தங்குவது ஆச்சரியம் இல்லை.

அதனால் எட்டிப் பிடிப்பது என்றால் யாரை என்று முதலில் முடிவு செய்யணும். ஒற்றைக் குழந்தைகளையா, கூடப் பிறந்தவளையா, தனக்கு விதித்த உயரத்தையா? மூன்றுக்கும் பதில் வேறு.

சேய்நலம்:
மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பூந்தளிர், பெற்றோர் உயரம் சொல்லுங்கள். கேட்டுச் சொல்ல வேண்டாம், சுவரோடு நின்று அளந்து.

பூந்தளிர்_அம்மா:
கணவர் 168, நான் 152. இரண்டும் அளந்தது. பழைய ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன்: 24 வாரத்தில் இருவரும் ஏறக்குறைய ஒரே எடை. 30 வாரத்தில் சின்னவள் லேசாகக் குறைவு. 34 வாரத்தில்தான் பெரிய வித்தியாசம், அதற்குப் பிறகுதான் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்றார்கள்.

இன்று என் அம்மாவை வைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையப் பலகையில் மறுபடி அளந்தோம். சின்னவள் 69.0, எடுத்துக் கிடத்தி அளந்ததில் 69.2. பெரியவள் 71.0, 71.1.

சேய்நலம்:
ஸ்கேன் நல்ல செய்தி. தேக்கம் கடைசியில் வந்தது.

பெண் குழந்தை வளர்ந்த பிறகு எட்டக்கூடிய உயரத்தைக் கணிக்க, இரண்டு பெற்றோர் உயரத்தையும் கூட்டி 13-ஐக் கழித்து இரண்டால் வகுங்கள். 168 + 152 − 13 = 307, பாதி 153.5 செ.மீ. இரண்டு பக்கமும் 8.5 செ.மீ. விட்டுப் பார்த்தால் 145லிருந்து 162 வரை. உலக அட்டவணையில் வளர்ந்த பெண்ணின் நடுக்கோடு 163 என்பதால், உங்கள் வீட்டின் நடுக்கோடு அதில் ஏறக்குறைய மைனஸ் 1.5-ல் விழுகிறது.

சின்னவள் 69.1, 11 மாதக் கணக்கில் மைனஸ் 1.5-ஐ ஒட்டியே நிற்கிறாள். பெரியவள் மைனஸ் 0.7. சின்னவளை யாரோடும் ஒப்பிடாமல் பார்த்தால், அவள் வீட்டுக்கு உரிய பாதையிலேயே இருக்கிறாள். பிறந்ததிலிருந்து 26.6 செ.மீ. வளர்ந்திருக்கிறாள், பெரியவள் 26. மிக வேகமாக ஈடுகட்டும் காலம் முதல் ஆறு மாதம், அது முடிந்துவிட்டது. இனி வருவது மெதுவான பகுதி. இந்த வயதில் பெற்றோர் உயரக் கணக்கை ஒரு குறிப்பாகத்தான் எடுக்க வேண்டும், 2 வயதுக்குள்தான் குழந்தை தன் பாதையில் உட்காரும்.

சேலம்காரன்:
சரி, எல்லாரும்னு சொன்னது அதிகம்தான். ஆனா புரதப் பவுடர் குடுத்தா என்ன தப்பு? சத்துதானே?

சேய்நலம்:
ஒரு வயதுக் குழந்தைக்கு அதில் பலன் இல்லை, வயிற்றில் இடம் மட்டும் போகும். சீக்கிரம் ஏற்ற நினைத்து எடையை மட்டும் ஏற்றுவது இதைவிட மோசம். நீளம் ஏறாமல் எடை தாவினால் ஏறுவது கொழுப்புதான். சிறியதாகப் பிறந்து வேகமாகக் கொழுத்த பெண்களுக்குப் பருவம் சீக்கிரம் வருவதும் உண்டு, அது கடைசி உயரத்தைக் குறைக்கிறது. அதனால் எடையையும் நீளத்தையும் சேர்த்தே பாருங்கள். சின்னவளின் 69 செ.மீ.க்கு 7.4 கிலோ சரியான எடை.

இரும்புச் சத்தைத்தான் நான் கேட்பேன். தாயிடமிருந்து குழந்தைக்கு இரும்பு சேர்வது கடைசி வாரங்களில். அந்த வாரங்களை இழந்தவள் இவள். குறைப்பிரசவக் குழந்தைக்கு ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு சுமார் 2 மி.கி. கணக்கு, 7.4 கிலோவுக்கு ஏறக்குறைய 15 மி.கி. மருந்துக்கு மருந்து ஒரு மில்லியில் உள்ள இரும்பு மாறும், புட்டியைக் கொண்டுபோய் உங்கள் மருத்துவரிடம் காட்டி எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். நிறுத்திவிட்டீர்களா?

பூந்தளிர்_அம்மா:
ஆறு மாதத்தில் புட்டி தீர்ந்ததும் நிறுத்திவிட்டோம். சாப்பாடு ஆரம்பித்தாயிற்றே என்று. இருவருக்கும் ஒரே கிண்ணத்தில் கஞ்சி, ஒரே ஸ்பூன்.

அளவுப்பலகை:
இரட்டையர் வீட்டில் நான் அதிகம் பார்க்கிற தவறு அந்த ஒரே கிண்ணம்தான். வேகமாக வாயைத் திறப்பவளுக்கு அடுத்த ஸ்பூன் போகும், மெதுவாக மெல்லுபவள் தலையைத் திருப்பினால் "போதும்போல" என்று விட்டுவிடுவோம். கிண்ணம் காலியானதும் இருவரும் சாப்பிட்டதாகக் கணக்கு. இரண்டு கிண்ணம் வையுங்க, அளந்து போடுங்க, மிச்சத்தைப் பாருங்க. மூன்று நாளில் யார் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கஞ்சி ஸ்பூனைக் கவிழ்த்தால் ஒழுகக் கூடாது, ஒட்டி நிற்கணும். சின்ன வயிற்றுக்குத் தண்ணீர்க் கஞ்சி இடத்தை அடைக்கும், பசி தீர்ந்த மாதிரி இருக்கும். குழைய வடித்த சோறு, பருப்பு, அதில் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது எண்ணெய். முட்டை சாப்பிடும் வீடு என்றால் முட்டை. புட்டிப்பால் கொடுத்தால் மாவைத் தட்டையாக அளந்து, டப்பாவில் போட்டிருக்கும் தண்ணீருக்குத்தான் போடணும். இரண்டு குழந்தை, சீக்கிரம் தீருது என்று ஒரு ஸ்கூப் குறைத்து நீர்க்க விடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அங்கே எடை நின்றுவிடும், அதன் பின்னால் நீளமும்.

இருவர்_அப்பா:
இரட்டையருக்கென்றே அட்டவணை இருக்குன்னா அதையே இங்கயும் வெச்சா என்ன? இந்தப் பயமே வராதே.

எண்கணக்கு:
கருவில் இருக்கும்போது எதை வைப்பது என்பதில் இன்னமும் சண்டை இருக்கிறது. அமெரிக்காவில் 2016-ல் வந்த கருவளர்ச்சி ஆய்வில், ஒற்றைக் குழந்தை அளவுகோலை இரட்டையருக்குப் போட்டால் 35 வாரத்துக்கு மேல் மிகப் பெரிய பகுதி "சிறியது" என்று விழுந்தது. இரட்டையர் சிறுத்திருப்பது இயல்பா, குறையா என்பதைப் பொறுத்து நிலைப்பாடு மாறும். பிறந்த பிறகு தனி அட்டவணை வேண்டும் என்ற வாதமும் உண்டு.

சேய்நலம்:
பிறந்த பிறகு வேண்டாம் என்பது என் கருத்து. இலக்கு ஒற்றைக் குழந்தைகளின் வரம்புதான், அதை அடையாதவளைச் சின்ன அட்டவணை ஒன்றில் நார்மல் என்று காட்டினால் அந்தப் பத்தில் ஒருத்தி தப்பிப்போவாள். தேதியைத் திருத்துங்கள், அட்டவணை அதேதான். எல்லா மருத்துவர்களும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதுவும் உண்மை.

பூந்தளிர், 18 மாதத்தில் மறுபடி அளங்கள். திருத்திய வயது அப்போது ஏறக்குறைய 17 மாதம். நடுக்கோடு 79.7, மைனஸ் 1 கோடு 76.8, மைனஸ் 2 கோடு 74.0. சின்னவள் இன்றுள்ள பாதையிலேயே போனால் 75.6-ஐ ஒட்டி இருப்பாள். 76.8-ஐ நெருங்கினால் இன்னும் ஈடுகட்டுகிறாள். 74-ஐத் தொட்டால் ரத்தசோகை, தைராய்டு, குடல், சிறுநீரகம் எல்லாம் பார்க்க ஆரம்பிப்போம், 2 வயது வரை காத்திருக்க வேண்டாம்.

2 வயதில் நிற்க வைத்து அளக்கத் தொடங்குவார்கள். நிற்கும்போது படுக்கையைவிட 0.7 செ.மீ. குறையும், அது தேக்கம் இல்லை. அன்று நின்ற உயரம் 79.3-க்குக் கீழே இருந்தால் அவளைக் குழந்தைகள் ஹார்மோன் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் ஊசியைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் 2 வயதிலிருந்தும் ஐரோப்பாவில் 4 வயதிலிருந்தும் அனுமதி இருக்கிறது. எப்போது தொடங்குவது நல்லது என்பதில் அங்கேயே ஒரே கருத்து இல்லை.

பூந்தளிர்_அம்மா:
நாளை இரும்பு மருந்துப் புட்டியோடு மருத்துவரிடம் போகிறோம். அங்கன்வாடி அக்காவிடம் 35 வாரம் என்பதைக் குழந்தையின் அட்டையில் எழுதச் சொல்லலாமா? அவர்கள் போனில் பிறந்த தேதி மட்டும்தான் போட முடிகிறது.

அளவுப்பலகை:
போனில் மாற்ற முடியாது. தாய் சேய் அட்டையில் வளர்ச்சிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே "35 வாரம், இரட்டை" என்று பேனாவால் எழுதச் சொல்லுங்க, ஒவ்வொரு முறையும் 5 வாரம் பின்னால் ஒரு புள்ளி தனியாக வைக்கச் சொல்லுங்க. அரசுக் கணக்கில் அவள் பெயர் பட்டியலில் இருந்தால் கூடுதல் சத்துணவு கிடைக்கக்கூடும், அதை நீக்கச் சொல்லி வாதாட வேண்டாம்.

இருவர்_அப்பா:
18 மாச அளவு எடுத்ததும் இங்கயே போடுங்க. 7 வயசுல 3 செ.மீ. இருக்கிறது 15 வயசுல என்ன ஆகும்னு எனக்கும் யாராவது சொன்னா நல்லது, பசங்களுக்குப் பருவம் ஒரே சமயத்துல வருமான்னே தெரியலை.